பச்சைத் துணி கட்டிய குண்டான்

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் சமூஜ் அலியின் கைமணத்தைப் புகழ்ந்தார்கள். கைமணமாவது, மண்ணாங்கட்டியாவது! சமூஜ் அலி எங்கள் தலைமைச் சமையல்காரர். ஒரே நேரத்தில் ஆறு வாணலிகளை ஆட்டுவார், தீ கூரையைத் தொடும், பார்க்க சர்க்கஸ் மாதிரி இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறு வாணலியிலும் அவர் அள்ளி ஊற்றிய கிரேவியைச் செய்தவர் வேறொருவர். அவர் பேர் தைமூஸ் மியா. பதினாறு வருஷம் அந்தக் கடைக்குச் சோறு போட்ட மனிதர். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்ட ஒருத்தருக்கும் அந்தப் பேர் தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தந்தூர் அடுப்புக்காரன். பேர் அக்லூஸ். தைமூஸ் பாய்க்கும் எனக்கும் ஒரே ஊர், வங்கதேசத்துச் சில்ஹெட்டில் பியானிபஜார் பக்கம். கடைக்கு மேலே இருந்த அறையில் அவர் கட்டிலுக்கு அடுத்த கட்டில் என்னுடையது. அதனால் அவர் குறட்டையிலிருந்து குணம் வரை எல்லாம் எனக்கு அத்துப்படி.

பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். பர்மிங்காமில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. எண்பத்தொன்றில் ஆலையை இழுத்து மூடினார்கள். அத்தனை வருஷம் நெருப்பில் வெந்தவருக்கு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்குப் போ என்றார்கள். வீடு எங்கே இருக்கிறது? பெண்சாதியும் மூன்று பெண்களும் ஊரில். அப்படித்தான் எங்கள் கடைக்கு வெங்காயம் உரிக்க வந்து சேர்ந்தார்.

"இரும்ப உருக்கினவருக்கு வெங்காயம் என்ன பெரிய வேலையா பாய்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"போடா இவனே. இரும்பு சட்டுனு உருகிடும். வெங்காயம்தான்டா அழும்பு பண்ணும்" என்றார்.

காலை பத்து மணிக்கு மாடியிலிருந்து இறங்குவார். இருபத்தைந்து கிலோ வெங்காய மூட்டை. உரித்து, நறுக்கி, ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அந்தப் பெரிய அண்டாவில் போடுவார். கூடவே இஞ்சி, பூண்டு, நாலு கேரட், ஒரு முட்டைகோஸ், பச்சைக் குடைமிளகாய், எண்ணெய், தண்ணீர். மூடி போட்டுச் சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். வெங்காயத்தை விரலால் நசுக்கினால் விரலில் ஒன்றுமே தட்டக்கூடாது, அதுதான் அவர் கணக்கு. அப்புறம் நீளக் கம்பி வைத்த மிக்ஸியை உள்ளே விட்டு அரைப்பார். தக்காளியையும் மஞ்சள், சீரகம், தனியா, மிளகாய்த் தூள்களையும் தனியாக எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கிச் சேர்ப்பார். மறுபடி கொதி. எண்ணெய் பிரிந்து மேலே மினுமினுக்கும் வரை இறக்க மாட்டார். உப்பு பாதிதான் போடுவார்.

"வாணலியில மறுபடி சுண்டுமில்லடா? இங்கேயே முழு உப்பப் போட்டா அங்க கடல்தண்ணி ஆயிடும்" என்பார். ரமலான் முப்பது நாளும் நோன்போடு, நாக்கில் ஒரு சொட்டு வைக்காமல், மூக்காலேயே உப்பு பார்த்து இறக்குவார். ஒருநாளும் பிசகினதில்லை.

மாலையில் ஆர்டர் விழுந்தால் என்ன நடக்கும்? வாணலியில் எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, மசாலாத்தூள், கொஞ்சம் தக்காளி விழுது. கொதித்துக்கொண்டிருக்கும் கிரேவி ஒரு கரண்டி. அது ஓரத்தில் ஒட்டிச் சுண்டும்போது சுரண்டிவிட்டு இன்னொரு கரண்டி. முன்கூட்டியே வேகவைத்த கறி. கடைசியாக ஒரு கரண்டி. ஐந்து, ஆறு நிமிடத்தில் தட்டு மேசைக்குப் போய்விடும். காலையில் அந்த மனிதர் நின்ற நாலு மணி நேரம்தான் மாலையில் ஐந்து நிமிடமாக ஓடுகிறது. கிரேவி மட்டும் கொதி நிலையில் இருக்க வேண்டும். ஆறினதை ஊற்றினால் வாணலி செத்துவிடும், மசாலா பச்சையாக நிற்கும்.

இனி அந்தக் குண்டான் விஷயம். இதை ஒழுங்காகச் சொன்னால்தான் மற்றது புரியும்.

ஆட்டெலும்பையும் கறியையும் பட்டை, ஏலக்காய், பிரியாணி இலை போட்டு வேகவைக்கும்போது ஒரு கறித்தண்ணி வரும். அதை வடித்து, சுண்டவைத்துப் பெரிய அண்டாவில் கலப்பார். எங்கள் கறி வகைகளுக்கு அந்த ருசி வந்தது அதனால்தான். ஆனால் கலப்பதற்கு முன்னால், வெறும் காய் கிரேவியில் கொஞ்சத்தைத் தனியாக ஒரு குண்டானில் எடுத்துவிடுவார். அதன் காதில் பச்சைத் துணி ஒன்று கட்டியிருக்கும். அதற்குத் தனிக் கரண்டி, தனி அடுப்பு. பருப்பு, வெண்டைக்காய், காலிபிளவர், எந்தக் காய்கறி ஆர்டர் வந்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எத்தனையோ கடைகளில் இந்தப் பழக்கம் கிடையாது. ஒரே அண்டா, ஒரே கரண்டி. வாடிக்கையாளர் "இது சுத்த சைவமா?" என்று கேட்பார், பரிமாறுகிற பையன் பல்லைக் காட்டிக்கொண்டு "நூறு பர்சென்ட்" என்பான். நான் வேலை பார்த்த முந்தைய இரண்டு கடைகளில் என் கண்ணால் பார்த்தது இது. தைமூஸ் பாயிடம் அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

வியாழக்கிழமைதோறும் ஜசுபென் என்று ஒரு குஜராத்தி அம்மாள் வருவார். பனியன் ஆலையில் தைத்து ஓய்வு பெற்றவர், புருஷன் இல்லை. பிறந்ததிலிருந்து மீன், முட்டை, கறி எதையும் நாக்கில் வைக்காதவர். முதல்தடவை வந்தபோது பரிமாறுகிறவனின் பேச்சை நம்பவில்லை. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கச் சந்துக்கே வந்து, சமையலறைக் கதவைத் தட்டினார்.

"யாருப்பா இங்க சமைக்கறது? நான் கண்ணால பாக்கணும்" என்றார்.

தைமூஸ் பாய் அவரை உள்ளே கூப்பிட்டு, குண்டானைத் திறந்து காட்டினார். துணியைத் தொட்டுச் சொன்னார்: "இந்தத் துணி இருக்கற வரைக்கும் நீங்க பயப்படாம சாப்பிடுங்க அக்கா. இதுக்கு நான் ஜவாப்தாரி."

அதற்கப்புறம் பத்து வருஷம் அந்த அம்மாள் கேள்வியே கேட்கவில்லை. வியாழக்கிழமை வெண்டைக்காயும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் முதலாளி ஹாஜி ஊரில் வீடு கட்டப் போனார். கடையைத் தன் தங்கை மகன் ரூஹேல் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குரங்கு கையில் பூமாலை! தலையில் அரை டப்பா களிம்பு, கையில் விநாடி முள் ஓடுகிற கடிகாரம். கல்லூரியில் வியாபாரம் படித்தவனாம். வந்த முதல் வாரமே சமையலறையில் நின்றுகொண்டு எங்களை நேரம் பார்க்க ஆரம்பித்தான். வெங்காயம் ஒன்றைக்கூட உரித்தறியாதவன், பதினாறு வருஷம் உரித்தவருக்கு முன்னால் கடிகாரத்தைத் தட்டுகிறான்!

சனிக்கிழமைகளில் மேசைகள் முக்கால் மணி நேரம் காத்திருந்தன என்பது உண்மை. அதற்குக் காரணம் அவன் நெருக்கிப் போட்ட இன்னும் எட்டு மேசைகள். அடுப்பு கூடவில்லையே! அதைச் சொன்னால் ஏறுமா? அவன் கண் பச்சைத் துணி கட்டிய குண்டான் மேல் விழுந்தது.

"சாச்சா, இது எதுக்கு தனியா? ஒரு அடுப்பு வீணாப் போகுது. அதுல ஏழாவது வாணலி வைக்கலாம். எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போடுங்க."

"காய்கறி சாப்பிடறவங்களுக்கு?" என்றார் தைமூஸ் பாய்.

"அதையே ஊத்துங்க. ருசி கூடத்தானே செய்யும்? நிறமும் ஒண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"நீங்க என்ன அவங்க கோயில் பூசாரியா?"

"இல்ல தம்பி. சமையக்காரன்." வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நாளைக்கு எவனாவது உனக்குத் தெரியாம பன்னிக் கொழுப்ப ஊத்திட்டு, நிறம் ஒண்ணுதானேன்னா, சும்மா இருப்பியா?"

ரூஹேலின் காது சிவந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள்ளே குளிர்ந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் முதலாளி வீட்டுப் பிள்ளை. "அடுத்த திங்கக்கிழமையிலேந்து இங்க ஒரே அண்டாதான். முடியாதுன்னா மாடியில இருக்கற பெட்டியக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் தொழிலில் வேலை போனால் கட்டிலும் போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் அந்த மனிதர் எங்கே போவார்? மூன்றாவது பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நானாக இருந்தால் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன், அல்லது வாயை மூடிக்கொண்டு கலந்திருப்பேன். தைமூஸ் பாய் இரண்டையும் செய்யவில்லை. உட்கார்ந்து யோசித்தார்.

இரண்டு நாள் கழித்து ரூஹேலைக் கூப்பிட்டார். "உனக்கு வேண்டியது அடுப்புதானே? எடுத்துக்கோ. குண்டான் அடுப்புல நிக்க வேண்டாம்." காய் கிரேவியைக் கெட்டிக் கூழாகச் சுண்டவைத்திருந்தார். முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் பிடித்தது. அதை வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தால் போதும், சூடாக இருக்கும். கேரட் தோல், காலிபிளவர் தண்டு, மல்லித் தண்டு, வெங்காயத்தின் வேர்ப்பக்கம், இப்படி நாங்கள் தூக்கிப் போடுகிறதையெல்லாம் கழுவி, முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடித்தால் ஒரு காய்த்தண்ணி. அதை அடுப்பின் மூலையில் ஒரு சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவிட வேண்டும். ஆர்டர் வந்தால் ஒரு கரண்டி கூழ், இரண்டு கரண்டி காய்த்தண்ணி, வாணலிக்குள்ளேயே கலந்துவிடும்.

ரூஹேல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு காலிபிளவர் செய்யச் சொன்னான். சமூஜ் அலி செய்தார். ஐந்து நிமிடம் இருபது விநாடி. ருசி பார்த்தான். இன்னொரு வாய் எடுத்தான். வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் சப்பென்று ஆகியிருக்கும். காய்த்தண்ணி என்பதால் ருசி விட்டுப்போகவில்லை.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றான், ஏதோ தானம் கொடுப்பவனைப் போல.

அந்த வாரமே ஜசுபென் வந்து, பேரனுடைய நிச்சயதார்த்த விருந்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் கடையில் வைப்பதாகச் சொன்னார். நாற்பது பேர், எல்லாரும் சைவம். பெண் வீட்டார் லண்டனிலிருந்து வருகிறார்கள். "எங்க சம்பந்திக்கு வெளியில சாப்பிடவே பயம். நான்தான் இந்தக் கடைக்கு நான் ஜாமீன்னு சொல்லியிருக்கேன்" என்று தைமூஸ் பாயிடம் சந்துக்கதவுப் பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போனார். தைமூஸ் பாய்க்கு அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு.

சனிக்கிழமை காலை அவர் காய் கிரேவியை நாலு மடங்கு செய்தார். அன்று மாலைக்கும், மறுநாள் விருந்துக்கும் சேர்த்து. ஏழு மணிக்கு வேலை முடிந்து தொழுகைக்கு மாடி ஏறும்போது என்னிடம் சொன்னார்: "டேய் அக்லூஸ், அந்தக் காய்த்தண்ணி பாத்திரம் மட்டும் அடுப்ப விட்டு இறங்காம பாத்துக்கோ. அது ஆறிட்டா எல்லாம் போச்சு."

"நான் பாத்துக்கறேன் பாய், நீங்க போங்க" என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அன்று கால்பந்து ஆட்டம். எட்டரை மணிக்குக் கடை நிரம்பி வழிந்தது. ரூஹேல் உள்ளே ஓடிவந்து, இன்னொரு வாணலிக்கு இடம் வேண்டுமென்று காய்த்தண்ணிப் பாத்திரத்தைத் தூக்கித் தரையில் வைத்தான். நான் பார்த்தேன். என் அடுப்பில் இருபது ரொட்டி ஒட்டியிருந்தது. அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் அது பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறிவிட்டது. அதற்குள் காய்கறி ஆர்டர் ஏழெட்டு வந்து நின்றன. அதில் ஒன்று ஜசுபென்னுடையது. மறுநாள் விருந்துக்கு மேசை எப்படிப் போடுவது என்று பேச வந்தவர், வெண்டைக்காயும் பருப்பும் பார்சல் சொல்லியிருந்தார்.

"என்ன நிக்குது? ஏன் நிக்குது?" என்று கத்தினான் ரூஹேல்.

"காய்த்தண்ணி ஆறிப்போச்சு. சுட வைக்கணும்" என்றேன்.

"நாளைக்கு அண்டாவுக்கு வெச்ச கறித்தண்ணி கொதிக்குதே, அது என்ன கண்ணுக்குத் தெரியலையா? எடுத்து ஊத்து. ஒவ்வொரு வாணலிக்கும் அளந்துக்கிட்டு நிக்காத, குண்டானோடயே கலந்துடு. ஊத்துடா!"

சமூஜ் அலி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாணலியைப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் வீரம். என் வீரம் அதைவிடக் கேவலம். இரண்டு பெரிய ஜாடி கறித்தண்ணியை எடுத்து, பச்சைத் துணி கட்டிய குண்டானில் ஊற்றிக் கலக்கினேன். என் கையாலேயே. எவனோ ஊற்றினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

இரவு மிச்சத்தை வாளியில் மாற்றி, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்தோம். தைமூஸ் பாயிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து வாளி மூடியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். கரண்டியால் வாளியின் ஓரத்தைத் தட்டினார். கிரேவி அல்வா மாதிரி அதிர்ந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு வில்லைகள் உறைந்திருந்தன. காய் கிரேவி எவ்வளவு குளிர்ந்தாலும் அப்படி உறையாது, சூரியகாந்தி எண்ணெயும் வெள்ளையாகக் கட்டாது. எலும்புச் சாறு இருந்தால்தான் அது நடக்கும். பதினாறு வருஷம் அந்த வாளிகளைத் திறந்தவருக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்லை.

"யார் ஊத்தினது?" என்றார்.

சமூஜ் அலி மிளகாய் நறுக்கினார். நான் மாவு பிசைந்தேன். மாவுக்குள்ளே தலையை விட்டுக்கொள்ள முடிந்திருந்தால் விட்டிருப்பேன்.

ரூஹேல் வந்தான். வாளியை எட்டிப் பார்த்தான். "என்ன இப்ப? சுட வெச்சா உருகிடும். ரெண்டு மணி நேரத்துல நாப்பது பேர் வர்றாங்க. வாய மூடிக்கிட்டு ஆக வேண்டியதப் பாருங்க சாச்சா."

தைமூஸ் பாய் வாளியைத் தூக்கினார். குப்பைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். குண்டான் காதிலிருந்த பச்சைத் துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நேத்து ராத்திரி இதுல யாரு யாரு சாப்பிட்டாங்க?"

ஆர்டர் சீட்டுகள் கம்பியில் குத்தியிருந்தன. அவரே எடுத்துப் புரட்டினார். ஜசுபென் பேர் வந்ததும் நிறுத்தினார். அந்த முகத்தை நான் வர்ணிக்க மாட்டேன். எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை.

பன்னிரண்டு மணிக்கு விருந்துக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பதினாறு வருஷத்தில் அந்த ஆடுகதவைத் தாண்டிச் சாப்பாட்டு அறைக்குள் கால் வைக்காத மனிதர், மஞ்சள் கறை படிந்த ஏப்ரனோடு நேராக ஜசுபென்னிடம் போனார். ரூஹேல் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டுப் போனார். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன்.

"அக்கா, நேத்து நீங்க வாங்கிட்டுப் போனதுல ஆட்டுக்கறித் தண்ணி கலந்திருந்துச்சு. நான் ஜவாப்தாரின்னு சொன்னேன். தவறிட்டேன். இன்னிக்கு வெச்சிருந்ததக் கொட்டிட்டேன்."

பக்கத்தில் பெண் வீட்டார். பட்டுப்புடவைகள், பட்டு வேட்டி. ஜசுபென் கத்தியிருந்தால்கூடத் தேவலை. வாயில் கையை வைத்துக்கொண்டார். சம்பந்தி அம்மாள் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள்.

வாசலைப் பார்த்துவிட்டு ஜசுபென் கேட்டார்: "இப்ப இவங்களுக்கு நான் என்ன போடறது?"

"கதவத் திறந்து வெக்கறேன். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க. புதுப் பாத்திரத்துல பருப்பும், உருளைக்கிழங்கு காலிபிளவரும், சோறும் செஞ்சு தர்றேன். கிரேவி கிடையாது. ஒரு மணி நேரம் ஆகும்."

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. ஜசுபென் கடைசி வரை அடுப்புப் பக்கத்தில் நின்றார். விருந்து நடந்தது. சம்பந்தி வாசலிலேயே காரில் உட்கார்ந்திருந்தார். ஜசுபென்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

அன்று மாலையே ரூஹேல் தைமூஸ் பாயை வெளியே அனுப்பினான். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டீங்களே சாச்சா, வெக்கமா இல்ல?" என்று கேட்டான். கேட்டவன் யார் பாருங்கள்! இரண்டகம் பண்ணினவன், பண்ணாதவரைப் பார்த்துக் கேட்கிறான்! தைமூஸ் பாய் பெட்டியைக் கட்டிக்கொண்டு பர்மிங்காமில் இருந்த தன் மச்சான் வீட்டுக்குப் போனார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். வழியில் அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சமூஜ் அலி கிரேவி செய்தார். கைமணக்காரர்! ஒரு மணி நேரத்தில் இறக்கினார். வெங்காயம் வேகவில்லை, எண்ணெய் பிரியவில்லை, உப்பு முழுசாகப் போட்டிருந்தார். அன்று மாலை போன தட்டுகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. "இதென்ன பச்சை வெங்காய வாடை?" "இதென்ன உப்பு?" வியாழக்கிழமைக்குள் பாதி மேசை காலி. ரூஹேல் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். விஷயம் ஊருக்குப் போய், ஹாஜி போனில் கத்திய கத்தல் சமையலறை வரை கேட்டது. "அந்த மனுஷன் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வா!"

ரூஹேல் போன் பண்ணினான். தைமூஸ் பாய் சம்பள உயர்வு கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. "குண்டான்ல ஊத்தினவன் அந்த அக்கா வீட்டுக்குப் போய், நான்தான் ஊத்தினேன்னு சொல்லட்டும். சொன்னதுக்கப்புறம் நான் வர்றேன்" என்றார்.

ரூஹேல் என்னிடம் வந்தான். "போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க அக்லூஸ் பாய். நீங்கதானே ஊத்தினீங்க?"

ஊத்துடா என்றது யார் வாய் என்று அவன் மூஞ்சிக்கு நேரே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனையும் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஜாடியைப் பிடித்த கை என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போனேன். ஜசுபென்னே கதவைத் திறந்தார். ஒரு வாரத்தில் இளைத்துப் போயிருந்தார். ஐந்து நாள் தண்ணீரும் பழமும் மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்ததாக மருமகள் உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டுமென்றே. கல்யாணம் நின்றுபோகவில்லையாம். ஆனால் சம்பந்தி இன்னும் ஜசுபென்னோடு பேசவில்லையாம்.

"நான்தான்மா ஊத்தினேன். தைமூஸ் பாய் அப்ப மாடியில இருந்தாரு. அவருக்குத் தெரியாது" என்றேன்.

"ஏம்ப்பா ஊத்துன?"

"ஆர்டர் நின்னுக்கிட்டு இருந்துச்சும்மா. ஊத்தற காய்த்தண்ணி ஆறிப்போச்சு. சுட வைக்க நேரமில்லன்னு..."

"எவ்வளவு நேரம் ஆகும், சுட வைக்க?"

"நாலு நிமிஷம்மா" என்றேன்.

"நாலு நிமிஷம்" என்று ஒருதடவை சொல்லிப் பார்த்தார். "எனக்கு எழுபத்தோரு வயசுப்பா. என்கிட்ட வந்து சொல்லியிருந்தா உக்காந்திருப்பேனே. எனக்கு என்ன அவசரம்?"

அவர் திட்டவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாசலுக்கு வந்தவனை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதாம். நின்றுகொண்டே குடித்தேன். அதற்கப்புறம் அவர் எங்கள் கடைக்கு ஒரு வியாழக்கிழமைகூட வரவில்லை.

அன்று இரவே ரூஹேல் போனில் தகவல் சொன்னான். மறுநாள் காலை பத்து மணிக்குத் தைமூஸ் பாய் சமையலறையில் இருந்தார், வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டு. சட்டைப் பையிலிருந்து பச்சைத் துணியை எடுத்துக் குண்டான் காதில் கட்டினார்.

"போனியா?" என்றார்.

"போனேன் பாய்."

"என்ன சொன்னாங்க?"

சொன்னேன். அவர் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தார். பிறகு காய்த்தண்ணிப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

"அடுப்புல வெய்யி. கொதிக்கற வரைக்கும் அங்கேயே நில்லு."

வைத்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. நாலு நிமிஷமும் நின்றேன்.